துக்கமா, மனச்சோர்வு நோயா: மருத்துவர் கோடு போடும் இடம்

வாழ்க்கைத் துணையை இழந்து ஒரு மாதமே ஆன ஒருவரிடம் மனச்சோர்வைக் கண்டறியும் கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னால், பலருக்கு நோய் இருப்பதாகவே அது காட்டும். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உடம்பில் தெம்பில்லை, எதிலும் கவனம் நிற்கவில்லை, நினைத்து நினைத்து அழுகை. துக்கமும் டிப்ரஷன் என்று நாம் சொல்லும் மனச்சோர்வு நோயும் வெளிப்பார்வைக்கு அந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் பாலா கிளேட்டன் 1970களில் துணையை இழந்தவர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். முதல் மாதத்தில் அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறித் தொகுப்பு முழுதாகவே இருந்தது. ஓராண்டு முடிவில் அவர்களில் பெரும்பாலோருக்கு அது தணிந்துவிட்டிருந்தது.

சிலருக்குத் தணியவில்லை. அந்தச் சிலரை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் மருத்துவர்களின் சிக்கல். இயல்பான துக்கத்துக்கு நோய்ப்பெயர் சூட்டி மாத்திரை கொடுத்தால் அது ஒரு தவறு. நோய் முற்றிக்கொண்டிருக்கும் ஒருவரை ‘இவ்வளவு பெரிய இழப்பு, இப்படி இருக்கத்தானே செய்யும்’ என்று திருப்பி அனுப்பினால் அது இன்னும் பெரிய தவறு. உயிர் போகக்கூடிய தவறு.

உலகின் பல பகுதிகளில் மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் டி.எஸ்.எம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் நோயறிதல் கையேடு அது. அதன்படி மனச்சோர்வு நோய்க்கு ஒன்பது அறிகுறிகள் உண்டு. தாழ்ந்த மனநிலை, எதிலும் நாட்டமோ இன்பமோ இல்லாமை ஆகிய இரண்டும் முதன்மையானவை. பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கக் கோளாறு, பிறர் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு உடல் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, சோர்வு, தான் எதற்கும் தகுதியில்லை என்ற எண்ணம் அல்லது அளவு மீறிய குற்ற உணர்ச்சி, கவனச்சிதறல், சாவைப் பற்றிய திரும்பத் திரும்ப வரும் எண்ணம் ஆகியவை மற்ற ஏழு. இவற்றில் ஐந்தாவது ஒரே இரண்டு வார காலத்துக்குள் சேர்ந்து இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதன்மையான இரண்டில் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். ஏறக்குறைய எல்லா அறிகுறிகளுமே ‘கிட்டத்தட்ட எல்லா நாளும்’ இருக்க வேண்டும். மனநிலையும் நாட்டமின்மையும் ‘நாளின் பெரும்பகுதி’ இருக்க வேண்டும்.

பட்டியல் இதோடு முடியவில்லை. இந்த அறிகுறிகள் ஆளின் அன்றாட வாழ்க்கையைக் குலைத்திருக்க வேண்டும் அல்லது தாங்க முடியாத வேதனை தந்திருக்க வேண்டும். மருந்தோ மதுவோ உடல்நோயோ காரணமாக இருக்கக் கூடாது. வாழ்நாளில் என்றைக்காவது அளவு கடந்த உற்சாகம், தூக்கமே தேவைப்படாத வேகம், தாறுமாறான செலவு என்று மேனியா நிலை வந்திருந்தால் நோயின் பெயரே மாறிவிடும், சிகிச்சையும் மாறிவிடும். அதனால்தான் அழுதுகொண்டிருக்கும் ஒருவரிடம் போய், ‘எப்பவாவது ரொம்பச் சந்தோஷமா, தூங்காமலே சுறுசுறுப்பா நாலஞ்சு நாள் இருந்திருக்கீங்களா?’ என்று மருத்துவர் கேட்கிறார். நோயாளிக்கு அது பொருத்தமில்லாத கேள்வியாகத் தோன்றும். ஆனால் அதைக் கேட்காமல் விட முடியாது.

சரி, இத்தனை நிபந்தனைகள் இருக்கும்போது துக்கம் எப்படி இதற்குள் நுழைகிறது? எண்ணிக்கை வழியாகத்தான். ஒரு ஆளை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். கீழே வரும் பெண்மணி விளக்கத்துக்காக நான் உருவாக்கியவர். ஆனால் அவர் சொல்லும் ஒவ்வொன்றும் மருத்துவர்கள் அன்றாடம் கேட்பதுதான்.

ஐந்தாவது வாரம்

வயது 58. கணவர் மாரடைப்பில் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. மகள்தான் வற்புறுத்திக் கூட்டி வந்திருக்கிறார். காத்திருக்கும் நேரத்தில் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாளை நிரப்பியிருக்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். இவருக்கு 14.

மருத்துவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, “நேத்து காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு வரிசையாச் சொல்லுங்கம்மா” என்கிறார். ‘கவலையாக இருக்கிறதா’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற ஒரே பதில்தான் வரும். ஒரு நாளை மணிவாரியாகக் கேட்டால் சோகத்தின் வடிவம் தெரியும்.

விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்திருக்கிறது. பக்கத்தில் படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்து அழுதிருக்கிறார். காலையில் அலமாரியைத் திறந்தபோது கணவரின் மூக்குக்கண்ணாடி கண்ணில் பட்டிருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மதியம் தங்கை வந்திருக்கிறார். இருவரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கல்யாணமான புதிதில் அவர் வழி தெரியாமல் வேறு ஊர் பஸ்ஸில் ஏறிப் போன கதை வந்தது, இவரே சிரித்துவிட்டார். அப்புறம் இரண்டு மணி நேரம் பரவாயில்லை. மாலையில் அவர் வீடு திரும்பும் நேரம் வந்ததும் மறுபடி நெஞ்சு அடைத்துக்கொண்டது. இரவு பேத்தி போனில் பேசுவாள் என்று காத்திருந்து பேசியிருக்கிறார்.

இந்த நாள் ஒரே சீராக இருண்டு கிடக்கவில்லை. வலி அலை அலையாக வருகிறது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு தூண்டுதல் இருக்கிறது: காலிப் படுக்கை, கண்ணாடி, மாலை நேரம். இரண்டு அலைக்கு நடுவே சிரிப்புக்கு இடம் இருக்கிறது. பேத்தியின் குரலுக்காக மனம் காத்திருக்கிறது. இனி வரப்போகும் ஒன்றிலிருந்து சந்தோஷத்தை எதிர்பார்க்கும் திறன் அவரிடம் உயிரோடு இருக்கிறது. டி.எஸ்.எம். கையேட்டின் 2013 பதிப்பு துக்கத்தையும் நோயையும் பிரித்துக் காட்டச் சேர்த்திருக்கும் குறிப்பில் முதலில் வருவதே இதுதான். துக்கத்தில் மேலோங்கி நிற்பது வெறுமையும் இழப்பும். நோயில் மேலோங்கி நிற்பது விட்டுவிலகாத தாழ்ந்த மனநிலையும், இன்பத்தை எதிர்பார்க்கவே முடியாமல் போவதும்.

அடுத்து குற்ற உணர்ச்சி. “அன்னைக்குக் காலையிலயே நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னு சொன்னாரு. நான்தான் வாயுவா இருக்கும்னு சொல்லிட்டேன். அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா...” இது கேட்பவரையே உலுக்கும் வாக்கியம். ஆனால் இதில் உள்ள குற்ற உணர்ச்சி இறந்தவரைச் சுற்றியது, ஒரு குறிப்பிட்ட நாளையும் ஒரு குறிப்பிட்ட செயலையும் பற்றியது. தன்னை மொத்தமாக அவர் தள்ளுபடி செய்யவில்லை. ‘மத்தபடி உங்களைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்டால், “நான் என்னால ஆனத நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்” என்றும் அவரால் சொல்ல முடிகிறது. சுயமதிப்பு சிதையவில்லை.

மூன்றாவது, சாவைப் பற்றிய எண்ணம். மருத்துவர் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்கிறார். அப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை மனதில் விதைத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. இவர் சொல்கிறார்: “அவர் போன இடத்துக்கே நானும் போயிட்டா நல்லதுன்னு தோணும். ஆனா நானா எதுவும் பண்ணிக்க மாட்டேன். பேத்தி இருக்கா.” இங்கே சாவு என்பது இறந்தவரிடம் போய்ச் சேர்வது. ‘நான் வாழத் தகுதியில்லாதவள், நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது’ என்ற தொனி இல்லை. திட்டமும் இல்லை.

இப்போது எண்ணிப் பார்க்கலாம். தாழ்ந்த மனநிலை, தூக்கமின்மை, சோர்வு, கவனச்சிதறல் ஆகிய நான்கும் இருக்கின்றன. எடை 62 கிலோவிலிருந்து 60 ஆகியிருக்கிறது. ஒரு மாதத்தில் ஐந்து சதவீதம் குறைந்தால்தான் எடை அறிகுறியாகக் கணக்கு. இது மூன்று சதவீதம்தான். ஆனால் கிட்டத்தட்ட எல்லா நாளும் பசி குறைந்திருப்பதும் அதே கட்டத்தை நிரப்பிவிடும். ஆக ஐந்து. தாராளமாக எண்ணுபவர் குற்ற உணர்ச்சியையும் சாவெண்ணத்தையும் சேர்த்து ஏழு என்பார். காலம் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டது. வேதனை கண்கூடு. தாளின்படி பார்த்தால் இவருக்கு நோய் வந்தாயிற்று.

‘நாளின் பெரும்பகுதி’ என்ற சொற்றொடரைக் கறாராகப் பிடித்தால் முதல் அறிகுறியே ஆட்டம் கண்டுவிடும் என்பது உண்மைதான். அவருடைய மதியத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அவசரத்தில் அந்தச் சொற்றொடரைத்தான் முதலில் காற்றில் விடுகிறார்கள். கேள்வித்தாள் ‘கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள்’ என்று மட்டும் கேட்கிறது. அந்த நாளுக்குள் எத்தனை மணி நேரம் என்று அது கேட்பதில்லை. அழுகை எதைப் பற்றியது என்றும் கேட்பதில்லை. அது வடிகட்டும் கருவி மட்டுமே. நோயைத் தீர்மானிக்கும் கருவியாக அதைப் பயன்படுத்தும் இடத்தில்தான் தவறு தொடங்குகிறது.

மருத்துவர் இந்த முதல் சந்திப்பில் நோய் என்று எழுதவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார். தைராய்டு குறைந்தாலும் இரத்தசோகை வந்தாலும் சோர்வும் மந்தமும் இப்படியே வரும். தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, மது ஏதாவது எடுக்கிறாரா என்று விசாரிக்கிறார். கடைசியாக, முன்பு எப்போதாவது இப்படி ஆனதுண்டா என்று கேட்கும்போதுதான் ஒரு முக்கியமான செய்தி வெளியே வருகிறது. 31 வயதில், பிரசவத்துக்குப் பிறகு, பல மாதங்கள் மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருக்கிறார். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே ‘இது துக்கம்தான், போய் வாருங்கள்’ என்று அனுப்பவும் முடியாது. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்கிறார். என்ன மாறினால் அதற்கு முன்பே வர வேண்டும் என்று மகளிடமும் சொல்லி அனுப்புகிறார்.

நாட்காட்டியால் போட்ட கோடு

இவர் 1990களில் வந்திருந்தால் மருத்துவர் முதலில் பார்த்திருக்கக்கூடியது தேதியை. அந்தக் கதை தெரிந்தால்தான் இன்றைய முறை ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும்.

1980இல் வந்த டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பு, அறிகுறிகளை எண்ணும் முறையைக் கொண்டுவந்தது. எண்ணிக்கை என்று வந்ததும் துக்கத்தில் இருப்பவர்கள் கூட்டமாக வலைக்குள் விழுவார்கள் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் நெருங்கியவரின் மரணத்தை ஒட்டி வரும் இயல்பான துக்கத்துக்கு விலக்கு அளித்தார்கள். 1994இல் வந்த நான்காம் பதிப்பு அந்த விலக்குக்கு ஒரு காலக்கெடு வைத்தது. மரணம் நடந்து இரண்டு மாதத்துக்குள் இந்த அறிகுறிகள் இருந்தால் பொதுவாக அது துக்கம். அதைத் தாண்டியும் நீடித்தால் நோய் என்று கருதலாம்.

ஆனால் அந்த விலக்குக்குள்ளேயே சில விதிவிலக்குகள் இருந்தன. இரண்டு மாதம் ஆகாவிட்டாலும், செயல்பாடு பெரிதும் முடங்கியிருந்தால், தான் ஒன்றுக்கும் உதவாதவர் என்ற எண்ணமே ஆட்டிப்படைத்தால், தற்கொலை எண்ணம் இருந்தால், இல்லாததைக் கேட்பது அல்லது நம்புவது போன்ற அறிகுறிகள் இருந்தால், உடல் கண்ணுக்குத் தெரியும்படி மந்தமாகியிருந்தால், அதை நோய் என்று எழுதலாம். இந்தச் சின்னப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டிக் கெடுவைவிட இதுதான் பெரிய விஷயம் என்பது என் கருத்து.

2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு விலக்கையே எடுத்துவிட்டது. பெரிய சண்டை நடந்தது. மனநல மருத்துவர்கள் கென்னத் கெண்ட்லர், சிட்னி ஜிசூக் முதலியோர் நீக்கத்தை ஆதரித்தார்கள். நான்காம் பதிப்பின் குழுவுக்குத் தலைமை வகித்த ஆலன் ஃபிரான்சிஸும், ஆய்வாளர் ஜெரோம் வேக்ஃபீல்டும் எதிர்த்தார்கள். இந்தச் சண்டையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே கண்டுபிடிப்பைத்தான் மேற்கோள் காட்டின: மரணத்தால் வரும் மனச்சோர்வும், மணமுறிவு, வேலையிழப்பு போன்ற பிற இழப்புகளால் வரும் மனச்சோர்வும் அறிகுறிகளில் பெரிதாக வேறுபடவில்லை என்பது அது. ‘அப்படியானால் மரணத்துக்கு மட்டும் எதற்குத் தனிச் சலுகை? எடுத்துவிடுங்கள்’ என்றது ஒரு தரப்பு. ‘அப்படியானால் பிற இழப்புகளுக்கும் அதே சலுகையைக் கொடுங்கள்’ என்றது மறுதரப்பு.

தர்க்கத்தில் இரண்டுமே நிற்கும். எதைக் கண்டு அதிகம் பயப்படுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். விலக்கு இருந்தால், நோயுள்ள ஒருவர் சிகிச்சை கிடைக்காமல் போகலாம். விலக்கு இல்லாவிட்டால், நோயில்லாத பலர் மருந்து மாத்திரைக்குள் தள்ளப்படலாம். நீக்கத்தின் பக்கம் நியாயம் சற்றுக் கூடுதல் என்றே எனக்குப் படுகிறது. இறப்புக்குப் பின் எட்டாவது வாரத்தில் இல்லாத நோய் ஒன்பதாவது வாரத்தில் தேதியைப் பார்த்து வருவதில்லை. ஆனால் அந்த நீக்கம் ஒரு விலையோடுதான் வந்தது. முன்பு தேதி செய்த வேலையை இப்போது மருத்துவரின் தீர்ப்பு செய்ய வேண்டும். நோயாளியின் முந்தைய வரலாறும், அவருடைய சமூகத்தில் துயரத்தை வெளிப்படுத்தும் முறையும் கணக்கில் எடுத்து முடிவு செய்ய வேண்டும் என்று கையேடே சொல்கிறது. அதற்கு நேரம் வேண்டும். நேற்றைய நாளை மணிவாரியாகக் கேட்க, பத்து நிமிடச் சந்திப்பு போதாது.

பதினோராவது வாரம்

நம் பெண்மணிக்கு வருவோம். ஏழாவது வாரம் வந்தபோது பெரிய மாற்றமில்லை. இரத்தப் பரிசோதனை முடிவுகள் சரியாகவே இருந்தன. தூக்கம் கொஞ்சம் தேறியிருந்தது. பதினோராவது வாரம் குறித்த நாளுக்கு முன்பே மகள் அழைத்து வந்துவிட்டார்.

இந்த முறை அவர் அழவில்லை. அழுகை நின்றதைத் தேறிவிட்ட அடையாளமாக வீட்டில் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அறைக்குள் நடந்து வருவதிலேயே மாற்றம் தெரிகிறது. நாற்காலியில் உட்கார நேரம் எடுக்கிறது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நீண்ட இடைவெளி. குரல் தட்டையாக, மெதுவாக வருகிறது. ஒன்பது அறிகுறிகளில் இதை மட்டும் நோயாளியின் வாயால் கேட்டு எழுதிக்கொள்ள முடியாது. பார்ப்பவர் கண்ணில் தெரிய வேண்டும் என்று கையேடு நிபந்தனை வைக்கிறது. சாதாரணத் துக்கத்தில் இது அவ்வளவாக வருவதில்லை. அதனால் மருத்துவர் இதற்குக் கூடுதல் எடை கொடுக்கிறார்.

அதே கேள்விதான்: நேற்றைய நாள். இப்போது பதிலில் மேடுபள்ளமே இல்லை. “எழுந்தேன். படுத்தேன். எல்லா நேரமும் ஒரே மாதிரிதான்.” கண்ணாடியைப் பார்த்தால்? “ஒண்ணும் தோணல.” தங்கை வந்தாரா? வந்தார், எப்போது போவார் என்று இருந்தது. பேத்தியின் போன்? எடுக்கவில்லை. “என்னத்தப் பேசுறது? அந்தக் குழந்தைக்கு என்னால என்ன பிரயோஜனம்?” ஐந்தாவது வாரத்தில் இருளுக்கு நடுவே எரிந்துகொண்டிருந்த அந்த ஒரு விளக்கும் அணைந்திருக்கிறது. நாட்டமின்மை என்ற இரண்டாவது முதன்மை அறிகுறி இதுதான்.

குற்ற உணர்ச்சியும் இடம் மாறிவிட்டது. அன்று காலை நடந்ததைப் பற்றி இப்போது அவர் பேசவில்லை. “நான் தொட்டது எதுவுமே உருப்பட்டதில்ல. அவருக்கு நான் ஒரு பாரம். இப்ப பொண்ணுக்குப் பாரம்.” கணவருக்கும் அந்த நாளுக்கும் தொடர்பில்லாத, இளமைக்கால விஷயங்களுக்கெல்லாம்கூடத் தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்கிறார். நினைப்பு இறந்தவரிடமிருந்து விலகி, தன்னையே சுற்றிச் சுற்றித் தண்டிக்கிறது. சாவைப் பற்றிக் கேட்டால், அவரிடம் போய்ச் சேரும் பேச்சே இல்லை. “நான் இருக்கிறதால யாருக்கும் ஒண்ணும் இல்ல” என்கிறார். எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறீர்களா என்று மருத்துவர் தொடர்ந்து கேட்க, யோசித்திருப்பதாக ஒப்புக்கொள்கிறார்.

மருத்துவர் இப்போது மனச்சோர்வு நோய் என்று எழுதுகிறார். அன்றே பாதுகாப்புக்கான ஏற்பாடுகள் தொடங்குகின்றன: தனியாக விடாமல் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், ஆபத்தானவற்றை வீட்டிலிருந்து எப்படி அப்புறப்படுத்துவது, உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமா. சிகிச்சையும் உடனே தொடங்குகிறது.

இரண்டு சந்திப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாராளமாக எண்ணினால் முதலில் ஏழு, இப்போது ஒன்பது. எண்ணிக்கையில் இருக்கும் இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து யாராலும் கோடு போட முடியாது. கோட்டைக் காட்டியவை வேறு. நாள் முழுக்க ஒரே சீரான இருள், எதிர்பார்ப்பு அறுந்துபோனது, குற்ற உணர்ச்சி தன் மீதே திரும்பியது, சாவெண்ணத்தின் காரணம் மாறியது, உடல் மந்தமானது. 1994 பதிப்பு விதிவிலக்குகளாக வைத்திருந்த அந்தச் சின்னப் பட்டியலோடு இதை ஒப்பிட்டால் பெரும்பாலும் பொருந்தும். இதே மாற்றங்கள் பதினோராவது வாரத்தில் வராமல் ஆறாவது வாரத்தில் வந்திருந்தால், பழைய விதியின்படியும் இது நோய்தான். இரண்டு மாதக் கெடு அங்கே குறுக்கே நின்றிருக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு ஏடான ஐ.சி.டி.யின் பதினோராம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அது வேறு வழியில் வந்து இதே இடத்தைத்தான் சேர்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு மனச்சோர்வு என்று முடிவு செய்ய, இழப்புக்குப் பின் ஒரு மாதமோ அதற்கு மேலோ இடையில் நல்ல மனநிலையே எட்டிப் பார்க்காமல் அறிகுறிகள் தொடர்வதை அது பார்க்கச் சொல்கிறது. இறந்தவரோடு தொடர்பில்லாத கடுமையான குற்ற உணர்ச்சி, தாழ்வெண்ணம், தற்கொலை எண்ணம், உடல் மந்தம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்கிறது. நாட்காட்டி மாறிக்கொண்டே வந்தாலும் அந்தப் பட்டியல் மட்டும் நாற்பதாண்டுகளாக ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

இத்தனையும் இருந்தும் மருத்துவர்களுக்குள் ஒத்த கருத்து எளிதில் வருவதில்லை. ஐந்தாம் பதிப்பு வருவதற்கு முன் நடந்த களச் சோதனையில், ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தார்கள். தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மனச்சோர்வு நோயில் அவர்களுடைய உடன்பாட்டின் அளவு 0.28. முழு உடன்பாடு என்றால் 1 வரும். வெறும் தற்செயல் என்றால் 0. இது மிகவும் குறைவு. துக்கம் மட்டுமே இதற்குக் காரணமில்லை. பதற்றக் கோளாறு முதலிய பிற நோய்களும் கூடவே வருவதால் படம் கலங்குகிறது. ஒன்பதில் ஐந்து என்ற விதியும் மிகவும் நெகிழ்வானது. முதன்மை அறிகுறி நிபந்தனையோடு சேர்த்து எண்ணினால் 227 விதமான சேர்க்கைகள் அதற்குள் அடங்கும். ஒரே நோய்ப்பெயர் கொண்ட இருவர் ஒருவரைப் போல ஒருவர் இல்லாமலே இருக்கலாம். ஒருமுறை பார்த்து முடிவெடுப்பதைவிட, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது மருத்துவருக்கு ஏன் இவ்வளவு உதவுகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அலையாக வரும் துக்கம் பொதுவாக வாரங்கள் போகப் போக வீச்சு குறையும். நோய் அப்படித் தணிவதில்லை.

இன்னொரு நிலையும் உண்டு. சிலருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் பெரிதாக இல்லாமல், துக்கமே இறுகிப்போய் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இறந்தவருக்கான ஏக்கம் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும், மரணம் நேற்று நடந்தது போலவே இருக்கும். 2022இல் வந்த டி.எஸ்.எம். திருத்தப் பதிப்பு இதை நீடித்த துக்கக் கோளாறு என்ற தனி நோயாகச் சேர்த்தது. பெரியவர்களுக்கு மரணம் நடந்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், ஐ.சி.டி. ஆறு மாதம் என்கிறது. நாட்காட்டி இங்கே மறுபடி வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இதையும் மனச்சோர்வையும் பிரிப்பது ஏக்கம்தான். ஏக்கத்தில் மனம் ஒருவரை வேண்டும் வேண்டும் என்று தேடுகிறது. மனச்சோர்வில் மனம் எதையுமே வேண்டுவதில்லை.

இந்தப் பிரிவு வெறும் பெயர் வைப்பு இல்லை. கேத்தரின் ஷியர் தலைமையிலான குழு 2016இல் வெளியிட்ட சோதனையில், துக்கத்துக்கென்றே வடிவமைத்த பேச்சுவழிச் சிகிச்சையோடு சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சேர்ந்ததால் துக்கம் கூடுதலாகக் குறையவில்லை. ஆனால் அந்தச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது கூடவே இருந்த மனச்சோர்வு அறிகுறிகள் அதிகமாகக் குறைந்தன. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருந்தாலும், ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தொடுவதில்லை. ஆகவே நம் பெண்மணி சிகிச்சையில் தேறி, ஓராண்டு கழித்துப் பரிசோதனைக்கு வரும்போது மருத்துவர் இரண்டு வரிசைக் கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். பேத்தியின் போனை எடுக்கிறாரா, தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார், உறக்கமும் நடையும் எப்படி என்பது ஒரு வரிசை. கணவரின் அலமாரியைத் திறக்க முடிகிறதா, அவர் இல்லாத வீட்டில் அன்றாட வேலைகளைச் செய்துகொள்ள முடிகிறதா, அவர் இறந்துவிட்டார் என்பதை மனம் ஏற்கிறதா என்பது மற்றொன்று.